ஒரு வினிகர் கேள்வியும் அதன் இருபது மதிப்பெண்களும்

வேதியியல் அசைன்மென்ட்டுக்கு மாதிரி விடையும் மதிப்பெண் திட்டமும் எழுதித் தருவது பல வருடங்களாக என் வேலையில் ஒரு பகுதி. நான் எழுதும் திட்டத்தை வைத்து நான் மட்டும் திருத்துவதில்லை, இன்னும் சிலர் திருத்துவார்கள். என் மனதில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது, தாளில் இருப்பதுதான் தெரியும். அதனால் சரியான விடை எது என்பதைவிட, பாதி சரியான விடைக்கு என்ன கொடுப்பது என்பதுதான் திட்டத்தில் அதிக இடம் பிடிக்கும். ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு நான் எப்படிச் செய்கிறேன் என்று சொல்கிறேன்.

கேள்வி இதுதான். ஒரு வினிகர் பாட்டிலின் லேபிளில் ‘குறைந்தது 5% அசிட்டிக் அமிலம்’ என்று இருக்கிறது. அதைச் சோதிக்க, 10.0 மி.லி. வினிகரை பிப்பெட்டால் எடுத்து, அளவுக்குடுவையில் 100.0 மி.லி. வரும்வரை நீர் சேர்க்கிறார்கள். அந்த நீர்த்த கரைசலில் 25.0 மி.லி. எடுத்து, 0.100 மோல்/லிட்டர் சோடியம் ஹைட்ராக்சைடுடன் பினாஃப்தலீன் நிறங்காட்டி வைத்து டைட்ரேஷன் செய்கிறார்கள். பியூரெட்டில் செலவான அளவுகள்: 21.30, 20.75, 21.10, 20.85 மி.லி. அசிட்டிக் அமிலத்தின் மூலக்கூறு நிறை 60.0. கருவிகளின் பிழை வரம்பும் தரப்பட்டிருக்கிறது: பியூரெட்டில் ஒவ்வொரு வாசிப்புக்கும் ±0.05, 25 மி.லி. பிப்பெட்டுக்கு ±0.06, 10 மி.லி. பிப்பெட்டுக்கு ±0.04, அளவுக்குடுவைக்கு ±0.2 மி.லி.

இதற்குக் கீழே ஆறு பிரிவுகள். (அ) தகுந்த சராசரி அளவைக் காரணத்துடன் கணக்கிடுக. (ஆ) மூல வினிகரில் அமிலத்தின் செறிவைக் கண்டுபிடி. (இ) அதை 100 மி.லி.க்கு எத்தனை கிராம் என்ற சதவீதமாக எழுது. (ஈ) பினாஃப்தலீன் ஏன், மெத்தில் ஆரஞ்சு ஏன் கூடாது? (உ) மூன்று செய்முறைத் தவறுகள் விடையை எப்படி மாற்றும், ஏன்? (ஊ) பிழை வரம்பைக் கணக்கில் எடுத்து லேபிள் சொல்வதை மதிப்பிடு. மொத்தம் 20 மதிப்பெண்.

முதலில் கேள்வியை மாணவரைப் போல உட்கார்ந்து முழுக்க எழுதிப் பார்ப்பேன். கேள்வித்தாளில் இருக்கும் தகவல் மட்டும்தான் கையில். இதில் நான் தேடுவது, ஒரே வாக்கியத்துக்குள் ஒளிந்திருக்கும் இரண்டாவது கோரிக்கைகளை. (அ) பிரிவைப் பாருங்கள். ‘தகுந்த’ என்ற ஒரு சொல் எந்த அளவுகளை எடுப்பது என்ற தேர்வைக் கேட்கிறது, ‘காரணத்துடன்’ என்பது விளக்கம் கேட்கிறது, ‘கணக்கிடுக’ என்பது எண்ணைக் கேட்கிறது. ஆக மூன்று வேலை, மூன்று மதிப்பெண். ஒன்றுக்கொன்று 0.10 மி.லி.க்குள் இருப்பவை 20.75, 20.85 இரண்டும்தான். அவற்றைத் தேர்ந்ததற்கு ஒன்று, 0.10க்குள் ஒத்திருக்கின்றன என்ற காரணத்துக்கு ஒன்று, சராசரியை 20.80 என்று இரண்டு தசமத்தோடு எழுதியதற்கு ஒன்று.

எல்லாப் பிரிவுகளையும் இப்படிப் பிரித்த பிறகுதான் எந்தப் பிரிவுக்கு எத்தனை மதிப்பெண் என்று முடிவாகும். முதலில் மதிப்பெண்ணைப் போட்டுவிட்டு அப்புறம் அதை நிரப்ப விஷயம் தேடினால், சுலபமான கூட்டல் கழித்தலுக்கு மூன்றும் யோசிக்க வேண்டிய முடிவுக்கு ஒன்றுமாகப் போய் நிற்கும். இந்தக் கேள்விக்கு எனக்கு வந்தது 3, 5, 2, 3, 3, 4.

அடுத்து, எந்தப் பிரிவு எதன் மேல் நிற்கிறது என்று பார்ப்பேன். (அ)வின் எண் (ஆ)வுக்குப் போகிறது, (ஆ)வின் எண் (இ)க்கு, (இ)யின் எண் (ஊ)வுக்கு. நான்கு பிரிவுகள் ஒரே சங்கிலி. (ஈ), (உ) இரண்டும் தனியாக நிற்கின்றன. சங்கிலியில் இருப்பவை மொத்தம் 14 மதிப்பெண். முதல் படியில் சறுக்கினால் எவ்வளவு போகும் என்பதை நான்தான் தீர்மானிக்க வேண்டும், திருத்துபவரின் அன்றைய மனநிலை அல்ல.

இதை எண்களோடு பார்த்தால்தான் புரியும். சரியான பாதை: 20.80 மி.லி. எனில் சோடியம் ஹைட்ராக்சைடு 0.00208 மோல். வினை ஒன்றுக்கு ஒன்று என்பதால் 25.0 மி.லி. நீர்த்த கரைசலில் அமிலமும் 0.00208 மோல். 100 மி.லி.யில் அதைப் போல நான்கு மடங்கு, 0.00832 மோல். அது அத்தனையும் வந்தது 10.0 மி.லி. வினிகரிலிருந்து. ஆகவே செறிவு 0.832 மோல்/லிட்டர். லிட்டருக்கு 49.9 கிராம், அதாவது 4.99%.

இப்போது ஒரு மாணவர் நான்கு அளவுகளையும் சேர்த்துச் சராசரி எடுக்கிறார் என்று வையுங்கள். 21.00 மி.லி. வரும். அதிலிருந்து 0.840 மோல்/லிட்டர், 5.04%. பார்த்தீர்களா, 4.99 இருந்த இடத்தில் 5.04. லேபிள் ‘குறைந்தது 5%’ என்கிறது. முதல் படியில் செய்த ஒரு தேர்வு கடைசி முடிவையே கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டது. எண்களைத் தேர்ந்தெடுக்கும்போதே இப்படி வரும்படி வைப்பேன். சங்கிலி இருக்கும் கேள்வியில் இதைச் செய்து பார்க்காவிட்டால் திட்டத்தின் ஓட்டை வெளியே தெரியாது.

இந்த மாணவருக்கு (அ)வில் தேர்வும் காரணமும் போய்விட்டன. மூன்றாவது மதிப்பெண்? 21.00 என்ற கூட்டல் சரிதான். ஆனால் அந்த மதிப்பெண் ஒத்த அளவுகளின் சராசரிக்கு வைத்தது, நான்கைக் கூட்டி நாலால் வகுக்கத் தெரிகிறதா என்று பார்க்க அல்ல. அதனால் ‘மூன்றாவது மதிப்பெண் முதலாவது கிடைத்தால் மட்டும்’ என்று திட்டத்தில் எழுதிவிடுவேன். அவருக்கு (அ)வில் பூஜ்யம். அதன் பிறகு அவர் தன்னுடைய 21.00ஐ வைத்துச் சரியாகப் போனால் எல்லாப் பிரிவுக்கும் முழு மதிப்பெண். 20க்கு 17 வரை வாங்கலாம். ஒரு தவறுக்கு ஒரு முறைதான் தண்டனை என்ற இந்த ஏற்பாட்டை நாங்கள் ‘தவறைத் தொடர அனுமதித்தல்’ என்போம், சுருக்கமாக ‘தொடர்’. திட்டத்தில் ஒவ்வொரு எண் மதிப்பெண்ணுக்கும் பக்கத்தில் தொடர் உண்டா இல்லையா என்று குறிப்பேன். பொதுவாக மேலே ஒரு வரி எழுதிவிட்டு விட்டால் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள்.

தொடருக்கும் ஒரு எல்லை வேண்டும். இந்தக் கேள்வியில் அதிகம் வரும் தவறு, பத்து மடங்கு நீர்த்ததை மறந்துபோவது. 0.00208 மோலை 25.0 மி.லி.யால் வகுத்து 0.0832 என்று நிறுத்திவிடுவார்கள். (இ)யில் அது 0.499% ஆகும். தொடர்ந்து போய் (ஊ)வில், ‘5%க்கு எவ்வளவோ குறைவு, லேபிள் பொய்’ என்று ஒரே வரியில் முடிப்பார்கள். அவருடைய எண்ணுக்கு அது பொருந்தும் முடிவுதான். ஆனால் (ஊ)வின் கடினமே 5 என்ற கோடு பிழை வரம்புக்குள் விழுகிறதா என்று எடைபோடுவதில் இருக்கிறது. அவர் செய்த தவறு அந்தக் கடினத்தையே அழித்துவிட்டது. இங்கே என் விதி: பிழை வரம்பைக் கணக்கிட்டதற்கான மூன்று மதிப்பெண்ணும் தொடரில் கிடைக்கும், முடிவுக்கான நான்காவது கிடைக்காது. ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறேன். ‘5% என்று விற்கும் வினிகரில் இது பத்தில் ஒரு பங்காக வருகிறது, என் கணக்கில் எங்கோ பத்து மடங்கு பிசகியிருக்க வேண்டும்’ என்று எழுதினால் அந்த நான்காவதையும் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். தன் எண்ணைத் தானே சந்தேகிப்பதும் மதிப்பிடுவதுதானே.

(ஆ) பிரிவுக்குத் திட்டம் எழுதும்போதுதான் மாதிரி விடைக்கும் மதிப்பெண் திட்டத்துக்கும் உள்ள வேறுபாடு நன்றாகத் தெரியும். மாதிரி விடை ஒரே பாதையில் போகும். மாணவர்கள் ஒரே பாதையில் போக மாட்டார்கள். நான் நான்கால் பெருக்கி, பிறகு 10.0 மி.லி.யால் வகுத்தேன். இன்னொருவர் முதலில் 25.0 மி.லி.யால் வகுத்து 0.0832 கண்டுபிடித்து, பிறகு பத்தால் பெருக்குவார். மூன்றாமவர் மோல் பக்கமே போகாமல், இரண்டு பக்கத்திலும் செறிவையும் கன அளவையும் பெருக்கிச் சமன் செய்துவிடுவார். ‘நான்கால் பெருக்கியதற்கு ஒன்று’ என்று திட்டத்தில் இருந்தால் இரண்டாமவருக்கு அந்த மதிப்பெண் எங்கே? சரியான விடை வந்ததால் ஒரு திருத்துநர் கொடுத்துவிடுவார், இன்னொருவர் படியைக் காணோம் என்று வெட்டிவிடுவார்.

ஆகவே செய்த செயலுக்கு மதிப்பெண் எழுதாமல், எது நிறுவப்பட்டது என்பதற்கு எழுதுவேன். (ஆ)வின் திட்டம் இப்படி இருக்கும்:

1 – செலவான காரத்தின் மோல் அளவு, 0.00208. தொடர் உண்டு. கன அளவும் செறிவும் பெருக்கப்பட்டு வேறு வடிவில் இருந்தாலும் கொடுக்கவும்.
1 – ஒன்றுக்கு ஒன்று விகிதம், சமன்பாட்டாலோ சொல்லாலோ காட்டப்பட்டது. வெறுமனே அதே எண்ணை அடுத்த வரியில் எழுதியது போதாது.
1 – 25.0 மி.லி. பகுதியிலிருந்து நீர்த்த கரைசல் முழுவதற்குப் போனது: 0.00832 மோல், அல்லது 0.0832 மோல்/லிட்டர். தொடர் உண்டு.
1 – நீர்த்த கரைசலிலிருந்து மூல வினிகருக்குப் போனது: 0.832. தொடர் உண்டு.
1 – இறுதி எண் மூன்று இலக்கத் துல்லியத்தில், சரியான அலகுடன். தொடர் உண்டு.

மூன்றாவது, நான்காவது வரிகள் எந்தப் பாதையில் போனாலும் பொருந்தும். பத்து மடங்கை மறந்தவர் மூன்றாவதை வாங்குவார், நான்காவதை இழப்பார், ஐந்தாவதை மறுபடி வாங்கலாம். ஒரு மறதிக்கு ஒரு மதிப்பெண், அது நியாயம் என்றே நினைக்கிறேன். விகிதத்துக்குத் தனியாக ஒரு மதிப்பெண் வைத்ததில் சிலர் ஒத்துப்போவதில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று வருவதால் விகிதத்தை யோசிக்காமலே சரியான விடைக்கு வந்துவிடலாம். அதனால்தான் அதைக் காட்டச் சொல்லிக் கேட்கிறேன். ஆனால் கேள்வியில் ‘படிகளைக் காட்டுக’ என்ற சொல் இருந்தால்தான் அப்படி வெட்ட எனக்கு உரிமை உண்டு. அந்தச் சொல் இல்லாமல் 0.832 மோல்/லிட்டர் என்று மட்டும் எழுதியவருக்கு ஐந்தும் கொடுக்க வேண்டியிருக்கும். இந்தத் திட்டத்தை எழுதிய பிறகுதான் கேள்வியில் அந்தச் சொல் சேர்ந்தது.

கேள்வியில் இருக்கும் ஓட்டைகளையும் திட்டம்தான் காட்டிக்கொடுக்கும். (உ) பிரிவில் மூன்று தவறுகள்: கூம்புக்குடுவையை நீர்த்த வினிகரால் அலசியது, பியூரெட்டின் நுனியில் காற்றுக்குமிழி இருந்தது, கூம்புக்குடுவையை வாலை வடிநீரால் அலசிவிட்டு ஈரத்தோடு பயன்படுத்தியது. முதலாவதில் அமிலம் கூடுதலாகச் சேர்கிறது, விடை கூடும். மூன்றாவதில் அமிலத்தின் மோல் மாறுவதில்லை, விடையும் மாறாது. இரண்டாவதில் என் மாதிரி விடை, ‘குமிழி வெளியேறிய இடத்தைக் காரம் நிரப்பும், குடுவைக்குள் விழாத காரமும் செலவாகக் கணக்காகும், விடை கூடும்’ என்பது. திட்டத்தைப் படித்த ஒரு சக ஆசிரியை கேட்டார்: “சார், குமிழி கடைசிவரை அங்கேயே இருந்தால்?” இருந்தால் இரண்டு வாசிப்பிலும் அதே குமிழி, கழித்தால் போய்விடும், விளைவு ஒன்றும் இல்லை. அந்த விடையும் முற்றிலும் சரி. கேள்வியை ‘டைட்ரேஷன் நடுவே வெளியேறிய காற்றுக்குமிழி’ என்று மாற்றினோம். கேள்வித்தாள் ஏற்கெனவே போய்விட்டிருந்தால் வேறு வழியில்லை, காரணத்தோடு வரும் இரண்டு விடையையும் ஏற்கும் வரி ஒன்றைத் திட்டத்தில் சேர்க்கத்தான் வேண்டும்.

இந்தப் பிரிவில் மூன்று மதிப்பெண்தான், ஆனால் கேட்டது மூன்று திசையும் மூன்று காரணமும். திசைக்குத் தனியாக மதிப்பெண் கொடுத்தால் கூடும், குறையும், மாறாது என்ற மூன்றில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் எழுதியும் வாங்கலாம். எனவே திசையும் காரணமும் சேர்ந்து இருந்தால்தான் ஒன்று. அரை மதிப்பெண் கிடையாது. ‘கூடும், சில சமயம் குறையும்’ என்று இரண்டு பக்கமும் கால் வைத்தவருக்குப் பூஜ்யம். இந்த இரண்டு வரியும் திட்டத்தில் இல்லாவிட்டால், திருத்தும் நாளில் வரும் கேள்விகளில் பெரும்பாலானவை இங்கிருந்துதான் வரும்.

(ஈ) பிரிவு வேறு வகை. இங்கே எண் இல்லை, வாக்கியம். வாக்கியத்துக்குத் திட்டம் எழுதும்போது எதை ஏற்பது என்பதோடு எதை ஏற்கக்கூடாது என்பதையும் எழுத வேண்டும். வீரியமற்ற அமிலமும் வீரியமிக்க காரமும் சமமாகும் புள்ளியில் அசிட்டேட் நீராற்பகுப்படைவதால் கரைசல் காரத்தன்மையோடு இருக்கும், இங்கே pH 8.7 அளவில் என்பதற்கு ஒன்று. பினாஃப்தலீன் நிறம் மாறும் எல்லை 8.2 முதல் 10 வரை, அந்தப் புள்ளி அதற்குள் விழுகிறது என்பதற்கு ஒன்று. மெத்தில் ஆரஞ்சு 3.1 முதல் 4.4 வரை, சமமாகும் முன்பே மெல்ல மெல்ல நிறம் மாறி முடிந்துவிடும் என்பதற்கு ஒன்று. ‘பினாஃப்தலீன் நிறம் நன்றாகத் தெரியும்’ என்பது ஏற்கத்தக்கதல்ல, மெத்தில் ஆரஞ்சின் நிறமும் நன்றாகவே தெரியும். ‘சமமாகும் புள்ளி 7க்கு மேல்’ என்று எழுதியிருந்தால் போதும், 8.7 என்ற எண் வேண்டியதில்லை.

திருத்துநருக்காக மட்டும் ஒரு குறிப்பும் வைப்பேன். pH 4.4இல் அசிட்டிக் அமிலத்தில் சுமார் 30 சதவீதம்தான் நடுநிலையாகியிருக்கும். அதாவது மெத்தில் ஆரஞ்சு 6 மி.லி. சுற்றிலேயே முழு மஞ்சளுக்கு வந்துவிடும். மாணவரிடம் இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் ‘செலவாகும் அளவு மிகவும் குறைவாகக் காட்டும்’ என்று யாராவது எழுதினால் அது ஊகமல்ல, சரியான விடை என்று திருத்துபவருக்குத் தெரிய வேண்டும்.

(ஊ)வுக்கு வருவோம். பியூரெட்டில் தொடக்கம், முடிவு என இரண்டு வாசிப்பு, எனவே ±0.10. 20.80இல் அது 0.48%. மற்றவை வரிசையாக 0.24, 0.40, 0.20. கூட்டினால் 1.32%. 4.99இல் அது 0.07. ஆகவே 4.92 முதல் 5.06 வரை. 5 அந்த இடைவெளிக்குள் இருக்கிறது. லேபிள் தவறு என்று இந்தச் சோதனையை வைத்துச் சொல்ல முடியாது, சரி என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. நான்கு மதிப்பெண்: தனித்தனிச் சதவீதங்கள், மொத்தம், இடைவெளி, முடிவு. சிலர் நேராகக் கூட்டாமல் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுப்பார்கள். அப்போது 0.70%, இடைவெளி 4.96 முதல் 5.02. அதற்குள்ளும் 5 இருக்கிறது. அதனால் இரண்டு முறையையும் ஏற்பதில் சிக்கல் இல்லை. முடிவு மாறியிருந்தால் எந்த முறை என்று கேள்வியிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

5.04% வாங்கிய நம் முந்தைய மாணவரும் பிழை வரம்பைச் சரியாகப் போட்டால் 4.97 முதல் 5.11 வரை என்று வந்து, இதே முடிவுக்கு வருவார். பிழை வரம்பைப் பார்க்காமல் 4.99ஐ வைத்து ‘லேபிள் பொய்’ என்பவரும், 5.04ஐ வைத்து ‘லேபிள் உண்மை’ என்பவரும் முடிவுக்கான மதிப்பெண்ணை ஒன்றுபோல இழப்பார்கள். தொடர் விதி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க எனக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை.

திட்டம் தயாரானதும் விடைத்தாள்களில் சிலவற்றை எடுப்பேன். நன்றாக எழுதியது, சுமாரானது, குழம்பியது எனக் கலந்து. இரண்டு பேர் தனித்தனியே, தாளின் மேல் எதுவும் எழுதாமல் திருத்துவோம். மொத்தத்தை ஒப்பிட மாட்டோம். இருவரும் 14 போட்டிருப்போம், ஆனால் அவர் (உ)வில் ஒன்று அதிகம் கொடுத்து (ஈ)யில் ஒன்று குறைத்திருப்பார். வரிக்கு வரி பார்த்தால்தான் எந்த வாக்கியம் இரண்டு பொருள் தருகிறது என்று தெரியும். பெரும்பாலும் அது (ஈ)யாக இருக்கும். ‘நீராற்பகுப்பு’ என்ற சொல்லே இல்லாமல், ‘அசிட்டேட் அயனி நீரிலிருந்து புரோட்டானை எடுத்துக்கொள்கிறது’ என்று எழுதிய தாள் ஒன்று வரும். பொருள் சரி. ‘நீராற்பகுப்பு அல்லது அதே பொருள் தரும் விளக்கம்’ என்று வரியைத் திருத்துவோம். அதற்குப் பிறகு திட்டத்தைத் தொடுவதில்லை. நடுவில் ஏதாவது மாற்றியே ஆக வேண்டும் என்றால், அதுவரை திருத்திய தாள்களில் அந்த ஒரு பிரிவை மட்டும் திரும்பப் பார்க்க வேண்டும். எல்லோரும் வெறுக்கும் வேலை இது.

கடைசியாக, மாணவர்களுக்குக் கொடுக்கும் பிரதி. திருத்துநருக்கான குறிப்புகளை எடுத்துவிட்டு, மாதிரி விடையின் ஓரத்தில் அந்தந்த வரிக்கான மதிப்பெண்ணை மட்டும் வைப்பேன். (ஆ)வுக்கு இரண்டாவது பாதையையும் சேர்த்துக் கொடுப்பேன், இல்லாவிட்டால் பத்தால் பெருக்கியவர்கள் தாங்கள் தவறு என்று நினைத்துக்கொள்வார்கள். விடையின் நீளம் ஒரு மாணவர் கொடுத்த நேரத்தில் எழுதக்கூடிய நீளம்தான். (ஈ)க்கு மூன்று வாக்கியம், அதற்கு மேல் இல்லை. மெத்தில் ஆரஞ்சைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அங்கே எழுதி வைத்தால், மூன்று மதிப்பெண்ணுக்கு அவ்வளவும் வேண்டும் என்று நம்பி அடுத்த அசைன்மென்ட்டில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வருவார்கள்.